செவ்வாய் பதினொரு மணி யாருடையது?

அந்த அறையின் கதவில் ஒரு ஏ-4 தாள் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் கிழமைகள், மேலே மணி, நடுவில் கட்டங்கள். கட்டத்துக்குள் ஒரு பெயர். அந்தப் பெயரை அடித்து இன்னொரு பெயர். அதன்மேல் ஒயிட்னர் பூசி, காய்வதற்குள் எழுதியதால் மை பரவிப்போன மூன்றாவது பெயர். ஓரத்தில் சிவப்பு மையில் ‘சார் சொல்லிட்டார்’ என்று ஒரு குறிப்பு. எந்தச் சார், யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் தாளில் இருக்காது.

ஒரு கல்லூரியில் நான்கு வருடம் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். முழுப்பெயர் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். ஆனால் ஆராய்ச்சி மாணவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘செம் எடுக்கணும்’ என்பார்கள். ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைப் பொருளின்மேல் வரிவரியாக ஓடவிட்டு, அங்கிருந்து தெறித்து வருவதைப் படமாக்கும் கருவி இது. 1965-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூவின் மகரந்தத் துகள்மேல் இருக்கும் முள்ளை எண்ணலாம். உடைந்த இரும்புக் கம்பியின் முகத்தைப் பார்த்து அது இழுத்து உடைந்ததா, ஓயாமல் வளைந்து வளைந்து உடைந்ததா என்று சொல்லலாம். வேதியியல், இயற்பியல், தாவரவியல், மெக்கானிக்கல் என்று எல்லாத் துறைக்கும் இது வேண்டும். வாங்க முடிவதோ ஒன்றுதான். அதையும் ஏதாவது அரசு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பித்து, இரண்டு மூன்று வருடம் காத்திருந்து வாங்கியிருப்பார்கள்.

ஆக, செவ்வாய்க்கிழமை பதினொரு மணி யாருடையது என்பது அற்பக் கேள்வி இல்லை. ஒருவருடைய ஆய்வேடு ஒரு மாதம் தள்ளிப்போவதும் போகாததும் அதில் இருக்கிறது.

நான் பொறுப்பேற்றபோது ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது விதி. காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறோம், சாப்பாட்டு நேரம் போனால் ஏழு பேர் என்று கணக்கு. ஒருநாளாவது ஏழு பேர் முடித்ததில்லை. நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து. மீதிப் பேர் மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள். அங்கே ஏற்கெனவே மறுநாளுக்கான ஏழு பேர் நிற்பார்கள்.

காரணம் தெரிய ஒரு வாரம் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். காலையில் கருவியை எழுப்பவே அரை மணி நேரம் ஆகிறது. வேக்குவம் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும், ஃபிலமென்டை மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும், கற்றையை நேராக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் மாறும்போதும் உள்ளே காற்றை விட்டு, கதவைத் திறந்து, பழைய சாம்பிளை எடுத்து, புதியதை வைத்து, மூடி, மறுபடி காற்றை உறிஞ்ச வேண்டும். எங்கள் கருவியில் இது பத்து நிமிடம். ஏழு பேர் என்றால் எழுபது நிமிடம் காற்றை விடுவதிலும் உறிஞ்சுவதிலுமே போகிறது.

அதைவிடப் பெரிய திருடன் ஒருவன் இருந்தான், கோட்டிங். பிளாஸ்டிக், இலை, களிமண் மாதிரி மின்சாரம் கடத்தாத பொருளை அப்படியே வைத்தால் எலக்ட்ரான்கள் அதன்மேல் தேங்கி, படம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் முதலில் சில நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூச வேண்டும். தனிப் பெட்டியில் செய்கிற வேலை, கால் மணி நேரம் பிடிக்கும். பதினொரு மணிக்காரர் பதினொரு மணிக்கு வந்து, கார்பன் டேப் எங்கே இருக்கிறது என்று கேட்டு, சாம்பிளை ஒட்டி, கோட்டிங் போட்டு முடிக்கும்போது பதினொன்று இருபத்தைந்து. இத்தனை நேரமும் விலையுயர்ந்த கருவி பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

எனவே முதல் திருத்தமாக கோட்டிங் பெட்டிக்குத் தனித் தாள் போட்டேன். செம் நேரத்துக்கு முக்கால் மணி முன்பு கோட்டிங் நேரம் தானாகவே கூட வரும். சாம்பிள் பூசப்பட்டு, சிறு உலோக ஸ்டப்பின்மேல் ஒட்டப்பட்டு, டப்பாவில் தயாராக இருந்தால்தான் உள்ளே அனுமதி. இன்னொன்றும் செய்தேன். எங்கள் கருவியின் தட்டில் ஒரே நேரத்தில் எட்டு ஸ்டப் வைக்கலாம். இரண்டிரண்டு சாம்பிள் கொண்டுவருகிற மூன்று பேரை ஒரே தடவையில் ஏற்றினால் கதவை ஒருமுறை திறந்தால் போதும், இருபது நிமிடம் மிச்சம். ஒருவர் பொடி உதிர்ந்து பக்கத்துச் சாம்பிளில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பிறகு, மணிக்கணக்கில் கேட்பதை விட்டுவிட்டு, ‘எத்தனை சாம்பிள், எத்தனை படம்’ என்று கேட்க ஆரம்பித்தேன். நேரத்தை நான் போட்டுக்கொடுத்தேன். நாலு ஐந்து பேரிலிருந்து எட்டு ஒன்பது பேருக்கு வந்தோம்.

அடுத்தது வரிசை. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது ரேஷன் கடையில் நியாயம், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். இங்கே அப்படி இல்லை. ஒரு திங்கட்கிழமையை அப்படியே சொல்கிறேன்.

அன்று ஐந்து பேர். முதலில் பெயர் கொடுத்தவர் ஒரு உலோகக் கலவையில் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே சிக்னல் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை, மூன்று மணி நேரம். அடுத்த இரண்டு பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம். நான்காமவருக்கு நாற்பது. ஐந்தாமவருக்கு ஒரு மணி. வந்த வரிசைப்படி விட்டால் அவர்கள் முடிப்பது 180, 200, 220, 260, 320-வது நிமிடங்களில். சராசரி 236. அதாவது இருபது நிமிட வேலைக்கு வந்த மாணவி மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். அதே ஐந்து பேரைச் சிறிய வேலையிலிருந்து பெரிய வேலைக்கு என்று மாற்றினால் 20, 40, 80, 140, 320. சராசரி 120. கருவி ஓடிய நேரம் அதேதான், கடைசி ஆள் முடித்த நேரமும் அதேதான். காத்திருப்பு மட்டும் பாதியாகிவிட்டது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொழிற்சாலையில் ஒரே எந்திரத்துக்குப் பல வேலைகள் காத்திருந்தால் எதை முதலில் ஏற்றுவது என்பதை 1956-ல் ஸ்மித் என்பவர் கணக்காக எழுதிவைத்தார். சராசரிக் காத்திருப்பு குறைய வேண்டும் என்றால் குறைந்த நேர வேலையை முதலில் எடு. ஒரு வேலை மற்றதைவிட முக்கியம் என்றால், முக்கியத்துவத்தை நேரத்தால் வகுத்துப் பார்.

நடைமுறையில் இதில் ஒரு பள்ளம் உண்டு. அந்த மூன்று மணி நேரக்காரர் அன்று கடைசியில் போனார். மறுநாளும் சிறு வேலைகள் வந்தால்? அதற்கு மறுநாளும்? நான் இப்படியே விட்டதில் ஒரு மெக்கானிக்கல் ஸ்காலர் பதினேழு நாள் காத்திருந்தார். ‘மேடம், நான் மூணு மணி நேரம் கேட்கிறது என் தப்பா?’ என்று அவர் கேட்டபோது பதில் இல்லை. அதன்பிறகு புதன்கிழமை பிற்பகல் முழுவதும் நீள வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். மற்ற நாட்களில் ஒருவருக்கு அறுபது நிமிடத்துக்கு மேல் கிடையாது. அறுபதில் முடியாவிட்டால் எழுந்து, மறுபடி வரிசைக்கு வர வேண்டும். படம் நன்றாக வருகிற நேரத்தில் எழுப்பினால் சிணுங்குவார்கள். பத்து நிமிடத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சிணுங்கல் குறையும்.

நீள வேலையை இரவில் தானாக ஓடவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சில கருவிகளுக்கு அது சரி. காந்தப்புலத்தில் மூலக்கூறைப் படிக்கிற என்.எம்.ஆர். கருவியில் பகலில் ஐந்து பத்து நிமிட வேலைகள், இரவில் மணிக்கணக்கான வேலைகள் என்று பிரித்து வைப்பது பல இடங்களில் வழக்கம். செம் அறையில் இரவு கரண்ட் போனால் பார்க்க ஆள் வேண்டும். எங்களிடம் ஆள் இல்லை.

முன்னுரிமை என்பது இதைவிடச் சிக்கல், ஏனென்றால் இங்கே கருவியை விட்டு மனிதர்களுக்கு வந்துவிடுகிறோம். பழைய படிவத்தில் ‘அவசரமா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு மாதத்துப் படிவங்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் டிக் அடித்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் கட்டத்தைக் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘எந்தத் தேதிக்குள், எதற்காக?’ என்று ஒரு வரி வைத்தேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி, இதழிலிருந்து திருத்தம் கேட்டு வந்த கடிதத்தின் கெடு என்று தாளாகக் காட்ட முடிந்ததை மட்டும் முன்னே தள்ளினேன். அதுவும் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எம்.எஸ்சி. மாணவர்களின் செய்முறை வகுப்பு கால அட்டவணையிலேயே இருப்பதால் அதை யாரும் தொட முடியாது. வெளிக் கல்லூரியிலிருந்து கட்டணம் கட்டி வருபவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை. அவர்களைக் கடைசியில் தள்ளிவிடலாம் என்று எங்கள் துறையில் சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிற பெண்ணை ‘இன்னைக்கு இல்ல, அடுத்த வாரம்’ என்று திருப்பி அனுப்ப முடியாது. அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளை நாடு முழுக்க ஒரே இடத்தில் தேடிப் பதிவு செய்யும்படி ஐ-ஸ்டெம் என்ற இணையதளம் 2020-ல் வந்ததே இதற்காகத்தான்: ஒரு கல்லூரியின் கருவி பக்கத்துக் கல்லூரிக்கும் பயன்பட வேண்டும் என்று.

உச்சவரம்பை யார் தலையில் வைப்பது என்பதிலும் ஒருமுறை ஏமாந்தேன். வாரத்துக்கு ஒரு ஸ்காலருக்கு இரண்டு முறை என்று வைத்தேன். ஒரு பேராசிரியரிடம் ஏழு ஸ்காலர்கள். இன்னொருவரிடம் ஒரே ஒருவர். முதல் குழு வாரத்தில் பதினான்கு இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாரும் விதியை மீறவில்லை. பிறகு வரம்பை கைடுக்கு என்று மாற்றினேன், குழுவுக்கு வாரத்தில் நான்கு. உள்ளுக்குள் யார் போவது என்பது அவர்கள் பாடு. அந்தப் பேராசிரியர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அவருடைய ஸ்காலர்களே சாம்பிள்களைச் சேர்த்து, ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

வராமல் போகிறவர்கள் தனிக் கதை. முன்பதிவை எத்தனை நாள் முன்பு செய்யலாம் என்பதற்கு எல்லை இல்லாவிட்டால், சாம்பிள் தயாராகும் முன்பே எல்லோரும் இடம் பிடித்து வைப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று போடுகிற துண்டுதான். நாள் வரும்போது சாம்பிள் இருக்காது, ஆளும் வராது. பதினான்கு நாளுக்கு மேல் முன்பதிவு கிடையாது என்று குறுக்கியதும் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. மீதிக்கு இரண்டு விதிகள்: முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட்டால் தண்டனை இல்லை, பதினைந்து நிமிடம் தாமதித்தால் இடம் அடுத்தவருக்கு. காத்திருப்போர் பட்டியலில் முதல் இரண்டு பேர் பூசிய சாம்பிளோடு வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால்தான் இந்தப் பதினைந்து நிமிட விதிக்கு உயிர் வரும். இல்லாவிட்டால் காலி செய்த இடத்தில் உட்கார ஆள் இருக்காது.

இவ்வளவும் சரியாக்கிய பிறகும் மாதத்துக்கு இரண்டு முறை தாள் முழுவதும் சரிந்து விழுந்தது. காரணம் நான் தாளில் எழுதாத ஒரு வாடிக்கையாளர்: கருவியே.

எங்கள் கருவியில் எலக்ட்ரானைத் தருவது டங்ஸ்டன் கம்பி. தலைமுடி கனத்தில், ‘வி’ எழுத்தைப் போல வளைந்திருக்கும். பழைய குண்டு பல்பின் இழையைப் போலத்தான், எரிய எரிய ஆவியாகித் தேய்ந்துகொண்டே வரும். ஏறக்குறைய நூறு மணி நேரம் தாங்கும், சிலசமயம் அறுபதிலேயே போகும். போனால் அந்த நிமிடமே திரை கறுத்துவிடும். புதிய கம்பி போடுவது அரை மணி வேலை என்று வெளியிலிருந்து தோன்றும். முதலில் அது ஆற வேண்டும். பிறகு மேல்பாகத்தைத் திறந்து, கம்பியைச் சூழ்ந்த மூடியைப் பாலிஷ் போட்டுத் துடைத்து, புதிய கம்பியின் முனையைத் துளைக்கு நடுவில் நிறுத்தி, மூடி, காற்றை உறிஞ்சி, கற்றையை மறுபடி நேராக்க வேண்டும். இரண்டரை மணி நேரம். பகல் பதினொரு மணிக்குப் போனால் அன்றைய பாதிப் பட்டியல் மறுநாளைக்குச் சரியும். மறுநாளைய பட்டியல் அதற்கும் மறுநாளைக்கு.

இது எதிர்பாராத விபத்து என்று எல்லோரும் பேசினோம். நூறு மணிக்கு ஒருமுறை வருவது எப்படி எதிர்பாராததாகும்? லாக் புக்கில் இரண்டு நெடுவரிசை கூட்டினேன். ஒன்று, இந்தக் கம்பி இதுவரை எரிந்த மணி. இன்னொன்று, காலையில் எத்தனை கரண்டில் அது முழு வெளிச்சத்துக்கு வருகிறது என்பது. கம்பி மெலிய மெலிய அதைச் சூடாக்கக் குறைந்த கரண்டே போதும். வாராவாரம் அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால் முடிவு நெருங்குகிறது என்று பொருள். படம் திடீரென்று மினுமினுத்தாலும், வெளிச்சம் நிலைகொள்ளாமல் ஆடினாலும் அதே செய்திதான்.

அதோடு வெள்ளிக்கிழமை பிற்பகலைப் பராமரிப்புக்கு என்று அடைத்துவைத்தேன். குளிர்விக்கும் தண்ணீர் மட்டம், பம்ப் எண்ணெயின் நிறம், உள்ளறையைத் துடைப்பது, அளவுகோல் சாம்பிளை வைத்துப் படத்தின் அளவு சரியா என்று பார்ப்பது, கம்பி மாற்ற வேண்டியிருந்தால் அது. கம்பெனி இன்ஜினியர் வருடாந்தர ஒப்பந்தப்படி வருகிற நாட்களையும், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்துகிற நாளையும் மற்ற எவர் பெயரும் ஏறும் முன்பே தாளில் ஏற்றினேன். செய்தித்தாளில் அந்த மின்தடை அறிவிப்பைத் தேடிப் படிக்கிற ஒரே ஆள் எங்கள் துறையில் நான்தான். யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கும், குளிர்விப்பானையும் ஏசியையும் தாங்காது. முந்தின நாள் மாலையே முறையாக நிறுத்தி, கரண்ட் வந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் கருவி பழைய நிலைக்கு வரும்.

மாணவர்களின் கண்ணில் வெள்ளிக்கிழமை பிற்பகல் காலியாகக் கிடக்கிற இடம். ‘அக்கா சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க’ என்று வராந்தாவில் பேசுவது காதில் விழும். அதற்காக ஒரு சமரசம் செய்தேன். வியாழன் மாலை நான்கு மணிக்கு லாக் புக்கைப் பார்ப்பேன். கம்பி இளமையாக இருக்கிறது, வேறு கோளாறும் இல்லை என்றால், பராமரிப்புக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு மீதியைக் காத்திருப்போர் பட்டியலுக்குத் திறந்துவிடுவேன்.

படிவத்தில் சாம்பிளைப் பற்றிக் கேட்கிற கேள்விகளும் நேரக் கணக்கைச் சேர்ந்தவைதான் என்பதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு மாணவர் கறுப்புப் பொடி கொண்டுவந்தார். ‘என்ன பொடி தம்பி?’ என்றேன். ‘ஆக்ஸைடு மேடம்’ என்றார். பொய் இல்லை, இரும்பு ஆக்ஸைடு. காந்தம் தொட்டால் ஓடி ஒட்டிக்கொள்கிற வகை. மின்கற்றையைக் குவிக்கிற லென்ஸே ஒரு மின்காந்தம். சாம்பிளை அதன் பக்கத்தில் கொண்டுபோனதும் சரியாக ஒட்டாத துகள்கள் மேலே பறந்து அதன் வாயில் அப்பிக்கொண்டன. அன்றிலிருந்து யார் படம் எடுத்தாலும் வட்டப் புள்ளி நீள்வட்டமாக இழுபட்டது, எத்தனை திருகினாலும் நேராகவில்லை. இன்ஜினியர் வந்து கழற்றித் துடைக்கும்வரை ஒன்பது வேலை நாள் போனது. அதன்பிறகு படிவத்தின் முதல் கேள்வி: ‘காந்தம் இழுக்குமா?’ இரண்டாவது: ‘முழுக்கக் காய்ந்துவிட்டதா?’ ஈரம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வரவேண்டிய வேக்குவம் இருபத்தைந்து நிமிடமாகியும் வராது, அந்த இருபது நிமிடம் அடுத்தவருடையது. மேசைமேல் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பொடி டப்பாவை அதன்பக்கத்தில் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கதவுத் தாள் பின்பு கூகுள் படிவமாக மாறியது. அது மட்டும் தனியாக ஒன்றையும் தீர்க்கவில்லை. ஒரே நேரத்தை இரண்டு பேர் கேட்டாலும் படிவம் இருவருக்கும் ‘பதிவாகிவிட்டது’ என்றே சொல்லும். மோதுகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஒயிட்னர் செலவு மட்டும் குறைந்தது.

நான் அங்கே வேலை பார்த்த கடைசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மணி நான்கு. கம்பி எண்பத்தெட்டு மணி நேரம் எரிந்திருந்தது. கரண்ட் எண் மூன்று வாரமாக இறங்குமுகம், ஆனால் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் ஆறு பேர், அதில் ஒருவர் முன்பு பதினேழு நாள் காத்திருந்த அதே மெக்கானிக்கல் ஸ்காலர். அறை வாசலில் நின்று, ‘மேடம், நாளைக்குத் திறப்பீங்களா?’ என்றார். இல்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் போனார்.

வெள்ளி பிற்பகல் மேல்பாகத்தைத் திறந்து கம்பியை வெளியே எடுத்தோம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளைவின் முனை மட்டும் சிலந்தி நூல் மாதிரி ஆகியிருந்தது. வெளிச்சத்தில் காட்டுவதற்காக லேப் அண்ணன் அதை இடுக்கியால் தூக்கினார். இரண்டாக விழுந்தது.